வருசம் ஒண்டை மாத்தி வாசிச்சிட்டன், திருத்தின வரி ஒட்டுப் போட்ட மாதிரி தனியாத் தெரியுது

வெள்ளவத்தை_தாரணி

எல்லாருக்கும் வணக்கம். கொழும்புக் கோட்டையின்ட வரலாறு பற்றி ஒரு 38 நிமிச நரேஷன் செய்து குடுத்தனான். மூண்டு கிழமைக்குப் பிறகு கிளையன்ட் கோல் எடுத்து ஒரு வருசம் பிழை எண்டு சொல்லீனம். ஸ்கிரிப்ட்ல சரியாத்தான் கிடக்குது, நான்தான் மாத்தி வாசிச்சிருக்கிறன். வசனம் இதுதான்: "ஆயிரத்து அறுநூற்று ஐம்பத்தாறாம் ஆண்டு ஒல்லாந்தர் கொழும்புக் கோட்டையைக் கைப்பற்றினார்கள்." நான் 1656ஐ 1665 எண்டு, "அறுபத்தைந்தாம் ஆண்டு" எண்டு வாசிச்சு வச்சிருக்கிறன்.

சரி ஒரு வரிதானே எண்டு காலமை அஞ்சரைக்கு எழும்பி, கோச்சி ஓடத் தொடங்க முதல், காகமும் கத்த முதல், அதே மைக், அதே அறை, அதே அலுமாரிக்கு முன்னால இருந்து அந்த வசனத்தை மட்டும் திருப்பி வாசிச்சு வெட்டி ஒட்டினன். முழு ஃபைலின்ட சராசரிச் சத்தமும் -16 லஃப்ஸ், அதால ஒட்டின வரியையும் -16க்கு கொண்டு வந்தன். மீற்றர்ல ரெண்டும் ஒண்டு. ஆனா கேட்டா வேற ஆரோ ஒருத்தி திடீரெண்டு அறைக்குள்ள வந்து அந்த வருசத்தை மட்டும் சொல்லிட்டுப் போற மாதிரி இருக்கு. கொஞ்சம் கூடச் சத்தமா, கொஞ்சம் தடிப்பா, பின்னுக்கு இருக்கிற அறைச் சத்தம்கூட அந்த இடத்தில அமந்து போகுது. ஒடாசிட்டிலதான் வேலை செய்யிறன். எங்க பிழை விட்டன்?

பீட்பொக்ஸ்_மருதானை

இது சிம்பிள் மேட்டர். மெச் ஈக்யூ எண்டு ஒண்டு இரிக்கி, பழைய ஓடியோவ ரெபரன்ஸா குடுத்தா புது ஓடியோட டோன அதுக்கு மாத்திரும். பொறகு லவுட்னஸ் நோர்மலைஸ் ஒண்டு அடிச்சா முடிஞ்சி. நான் பாட்டுல வோக்கல் ஓவர்டப்புக்கு இதத்தான் செய்றது, அஞ்சு நிமிசம் கூட எடுக்காது.

மிஸ்_மலர்

தாரணி, எனக்கும் இதே பிரச்சினைதாங்க. நான் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு பாடம் ரெக்கோர்ட் பண்ணி வாட்ஸப்ல போடுறேன், ஃபோன்லதான். முதல் பாதி சத்தமா இருக்கு, ரெண்டாம் பாதி சின்னதா இருக்கு, நடுவுல பாண் விக்கிற சூன் பாண் ஓட்டோ பாட்டு வேற வந்துருது. எல்லாத்தையும் ஒரே சத்தமா ஆக்க என்ன அப் நல்லம்?

ஸ்பூல்காரன்

மலர் மிஸ், உங்கட கேள்வி வேற, அதுக்குப் பிறகு வாறன். முதல் தாரணியின்ட கதையைப் பாப்பம்.

தங்கச்சி, நீங்க -16க்கு கொண்டு வந்தன் எண்டு சொன்னதிலதான் முதல் பிழை இருக்கு. அந்த -16 எண்டது 38 நிமிசத்தின்ட சராசரி. நீங்க எல்லா இடத்திலயும் -16ல வாசிக்கேல்ல, ஒருத்தரும் அப்பிடி வாசிக்கிறேல்ல. கோட்டை பிடிபட்ட இடம் கொஞ்சம் பதிஞ்ச குரல்ல, மெதுவா வாசிச்சிருப்பீங்க, அந்தப் பந்தி தன்ட பாட்டில -18ல கிடக்கலாம். அதுக்கு நடுவில -16 வரி ஒண்டைக் கொண்டு போய் வச்சா ரெண்டு டெசிபல் துருத்திக்கொண்டு நிக்கும். பக்கத்து வசனத்தோடதான் பொருந்தவேணும், முழு ஃபைலோட இல்லை. முன்னால உள்ள ரெண்டு வசனத்தையும் பின்னால உள்ள ரெண்டையும் மட்டும் செலக்ட் பண்ணி அளந்து பாருங்கோ.

மற்றது, பழைய பிழையான டேக் இன்னும் இருக்கோ? இருந்தா அழிச்சுப் போடாதேங்கோ. அதில வருசம்தான் பிழை, "ஒல்லாந்தர் கொழும்புக் கோட்டையைக் கைப்பற்றினார்கள்" எண்டது பழசிலயும் இருக்கு, புதுசிலயும் இருக்கு. அதே வாய், அதே சொல்லு. அளவெடுக்க இதைவிட நல்ல சாமான் கிடைக்காது. "கோட்டையை" எண்ட சொல்லை ரெண்டிலயும் வெட்டி எடுத்து ஒண்டுக்குப் பின்னால ஒண்டா ஓட விட்டுக் கேளுங்கோ. லெவல் எவ்வளவு வித்தியாசம், அடிச்சத்தம் எவ்வளவு வித்தியாசம் எண்டு அங்கயே தெரிஞ்சு போகும்.

வெள்ளவத்தை_தாரணி

இருக்கு அண்ணை, எஃபெக்ட் ஒண்டும் போடாத ரோ ஃபைலும் இருக்கு. இப்ப அளந்து பாத்தன். நீங்க சொன்னது சரி, முன்பின் நாலு வசனமும் -17.8. ஒட்டினதை 1.8 குறைச்சன், துருத்துறது கனக்கக் குறைஞ்சிட்டு. ஆனா தடிப்பும் அந்த அறைச் சத்தம் அமந்து போறதும் அப்பிடியே இருக்கு, குறைச்ச பிறகு இன்னும் மோசம். "கோட்டையை" ரெண்டையும் `Analyze > Plot Spectrum`ல போட்டுப் பாத்தன், 120க்கும் 200 ஹேர்ட்ஸுக்கும் இடையில புதுசு ஒரு 4 டெசிபல் கூட. மேல எல்லாம் கிட்டத்தட்ட ஒண்டுதான்.

ஸ்பூல்காரன்

அப்ப நீங்க மைக்குக்குக் கிட்டப் போயிருக்கிறீங்க. காலமை, நித்திரைக் குரல், மெதுவாக் கதைக்கவேணும், வீட்டுக்காரர் எழும்பக்கூடாது எண்டு ஆளுக்குத் தெரியாமலே முன்னுக்குச் சரிஞ்சிருப்பீங்க. உங்கட மைக் காடியொயிட் வகை எண்டு நினைக்கிறன், அந்த வகை மைக்குகள் கிட்டப் போகப் போக அடிச்சத்தத்தைக் கூட்டிக் காட்டும். அந்த 4 டெசிபல் அதுதான்.

அறைச் சத்தம் அமந்து போறதும் இதே காரணத்தாலதான். முதல் ஒரு சாண் தூரம், 20 சென்ரிமீற்றர் எண்டு வைப்பம், இருந்து வாசிச்சீங்க. இப்ப 10ல. தூரம் பாதியானா குரல் கிட்டத்தட்ட 6 டெசிபல் கூடும். ஆனா அறை அதே இடத்திலதான் இருக்கு, ஃபிரிட்ஜ் சத்தமும் கடல் இரைச்சலும் சுவரில பட்டுத் திரும்பி வாறதும் கூடாது. பிறகு நீங்க குரலைப் பழைய அளவுக்கு இறக்குறீங்க, அதோட அறையும் சேந்து இறங்குது. அதால குரல் பொருந்தினாலும் பின்னணி அந்த மூண்டு நாலு செக்கனுக்குப் பள்ளத்தில விழுந்து எழும்பும். கேக்கிறவைக்கு என்ன நடந்தது எண்டு சொல்லத் தெரியாது, ஏதோ நடந்தது எண்டு மட்டும் விளங்கும்.

பீட்பொக்ஸ்_மருதானை

அதுக்குத்தானே மெச் ஈக்யூ சொன்னேன், 4 டெசிபல் தானா கொறச்சிரும். அமந்து போற எடத்துக்கு ரூம் டோன், அதான் பேச்சில்லாத வெறும் ரூம் சத்தம், கொஞ்சம் கீழ போட்டா சரி. திருப்பி ரெக்கோர்ட் பண்ணத் தேவையே இல்ல.

ஸ்பூல்காரன்

பாதி சரி தம்பி. மெச் ஈக்யூக்கு நீங்க எதைக் காட்டுறீங்களோ அதைத்தான் அது படிக்கும். 38 நிமிசத்தை ஒரு பக்கமும் நாலு செக்கன் வரியை மற்றப் பக்கமும் வச்சா, அந்த நாலு செக்கனில என்ன எழுத்துக் கனக்க வருதோ அதையும் டோன் எண்டு எடுத்துக்கொள்ளும். "ஒல்லாந்தர் கொழும்புக் கோட்டை" மூண்டு சொல்லும் ஒகரத்திலயோ ஓகாரத்திலயோதான் தொடங்குது. அதுக்கு முன்பின் வசனத்தில சகரமும் இகரமும் கூட எண்டா, புது வரியில மேல்சத்தம் குறைவு எண்டு நினைச்சு ஏத்தி விடும், காது கூசும். அதே சொல்லை அதே சொல்லோட காட்டினா நல்லா வேலை செய்யும், அதை மறுக்கேல்ல.

ஆனா அது அடிச்சத்தத்தைக் குறைக்கும், அறையைக் கூட்டாது. கிட்ட இருந்து கதைச்ச குரல்ல சுவர் எதிரொலி குறைவு, அது ஒவ்வொரு சொல்லின்ட வாலிலயும் இருக்கிற விசயம். ரூம் டோன் கீழ போட்டா சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில உள்ள பள்ளம் நிரம்பும், சொல்லின்ட வால் நீளாது. 2 டெசிபல் வித்தியாசம் எண்டா ஈக்யூவால சமாளிக்கலாம், நானும் சமாளிச்சிருக்கிறன். 4 எண்டா திருப்பி வாசிக்கிறது ஈக்யூவோட மல்லுக்கட்டுறதை விட லேசு. ஒரு வரிதானே.

கொட்டாஞ்சேனை_ஜெரோம்

நான் டப்பிங் பக்கம் வேலை செய்யிற ஆள். நான் ஒரு வரியை மட்டும் ஒருநாளும் ஒட்டுறேல்ல. பிழை எங்க இருந்தாலும் முழுப் பந்தியையும் திருப்பி வாசிச்சு, பந்திக்கும் பந்திக்கும் நடுவில உள்ள இடைவெளியில மாத்திப் போடுவன். அந்த இடத்தில குரல் கொஞ்சம் மாறினாலும் ஆருக்கும் விளங்காது, புதுப் பந்தி எண்டு நினைப்பினம். வசனத்துக்கு நடுவில ஊசி நூல் வேலை எதுக்கு?

ஸ்பூல்காரன்

அது நல்ல வழிதான் ஜெரோம், ஆனா இங்க வீடியோ ஏற்கனவே வெட்டி இருக்கும், பந்தி ஒண்டரை நிமிசம் எண்டா புது டேக் ரெண்டு செக்கன் கூடவோ குறையவோ வந்தாலும் படத்தோட இடிக்கும். தாரணி, படம் இருக்கோ?

வெள்ளவத்தை_தாரணி

ஓம் அண்ணை, படம் பூட்டியாச்சு. நீளம் மாறக்கூடாது எண்டு கண்டிப்பாச் சொல்லிட்டினம். அதாலதான் வரி.

இன்னொண்டும் கேக்கவேணும். நான் ஒட்டினது ஃபைனல் வேவ் ஃபைல்ல. அதாவது 80 ஹேர்ட்ஸ் லோ கட், நொய்ஸ் ரிடக்‌ஷன், கம்ப்ரஸர் எல்லாம் போட்டு முடிஞ்சதில. புது வரிக்கும் அதே செட்டிங் எல்லாம் போட்டுட்டுத்தான் ஒட்டினன். அது சரிதானே?

ஸ்பூல்காரன்

அதுதான் ரெண்டாம் பிழை. செட்டிங் ஒண்டாயிருந்தா விளைவும் ஒண்டாயிருக்கும் எண்டில்லை. கம்ப்ரஸர் குரல் எவ்வளவு உயரத்தில உள்ளுக்கு வருது எண்டதை வச்சுத்தான் அமத்தும். பழைய ரோ வரி கம்ப்ரஸருக்குள்ள போகேக்க 5 டெசிபல் அமந்து, புது ரோ வரி சத்தம் குறைவா இருந்து 1 டெசிபல்தான் அமந்தது எண்டு வைப்பம். வெளியில வந்த பிறகு நீங்க லெவலைச் சமப்படுத்தினாலும், பழசில மூச்சும் சொல்லின்ட வாலும் மேல எழும்பி நெருக்கமா இருக்கும், புதுசில அதெல்லாம் தளந்து கிடக்கும். நொய்ஸ் ரிடக்‌ஷன் இன்னும் கெட்டது. அண்டைக்கு எடுத்த நொய்ஸ் புரொஃபைல் அண்டைய ஃபானுக்கு, இண்டைக்கு ஃபான் இல்லாட்டி அது ஒண்டும் இல்லாத இடத்தில எதையோ சுரண்டும்.

அதால ஒட்டுறது ரோவில. ரோ வரியை ரோ வரியோட முதல் பொருத்துங்கோ, லெவல், டோன், அறை எல்லாம். பிறகு முழுப் பந்தியையும் ஒண்டா அந்தச் செயினுக்குள்ளால விடுங்கோ. ஒட்டின இடத்தில கம்ப்ரஸர் ஊசி முன்பின் வசனத்தில ஆடுற அளவுக்குத்தான் ஆடவேணும், திடீரெண்டு குதிச்சாலோ படுத்துக் கிடந்தாலோ லெவல் இன்னும் பொருந்தேல்ல எண்டு அர்த்தம். பிறகு அந்தப் பந்தியை மட்டும் எக்ஸ்போர்ட் பண்ணி ஃபைனல் ஃபைல்ல, பந்தி இடைவெளியில மாத்திப் போடுங்கோ. ஜெரோம் சொன்ன இடைவெளி இங்க உதவும்.

மிஸ்_மலர்

நடுவுல பேசுறதுக்கு மன்னிக்கணும். எனக்கு ஒண்ணு வெளங்குது இப்ப. ஃபோன்ல நான் சத்தமா பேசுனா அது தானா கொறைக்குது, மெதுவா பேசுனா தானா கூட்டுது போல. அதான் பேசாம இருக்கும்போது ஃபேன் சத்தம் மெல்ல மெல்ல எழும்பி வருதா?

ஸ்பூல்காரன்

அதேதான் மிஸ். தானா ஏத்தி இறக்குறதை நிப்பாட்டக்கூடிய ரெக்கோர்டர் அப் எதையாவது பாவியுங்கோ. அது நிண்டாத்தான் ஒரு வரியை இன்னொரு வரியோட பொருத்துற கதையே வரும். இல்லாட்டி ஒவ்வொரு டேக்கும் ஒவ்வொரு அளவில வரும், அளந்து பிரயோசனம் இல்லை.

வெள்ளவத்தை_தாரணி

நேற்றுப் பின்னேரம் திருப்பி வாசிச்சன். தூரத்தை எப்பிடி நிச்சயமா அதே அளவுக்குக் கொண்டு வாறது எண்டு தெரியேல்ல, சாண் கணக்கு வச்சன். "கோட்டையை" ஸ்பெக்ட்ரம் இப்ப 1.5 டெசிபல்தான் வித்தியாசம். டோன் கிட்ட வந்திட்டு. ஆனா இப்ப வேற ஒண்டு. வருசம் வாற இடத்தில நான் ஏதோ பிழை திருத்துற மாதிரியே வாசிக்கிறன். "ஐம்பத்தாறாம்" எண்டதை அழுத்தி, "அறுபத்தைந்து இல்லை, ஐம்பத்தாறு" எண்டு வாதாடுற மாதிரி இருக்கு. ஏழு டேக் எடுத்தன், ஏழும் அப்பிடித்தான். லெவலைக் குறைச்சுப் பாத்தன், அழுத்தம் போகேல்ல.

ஸ்பூல்காரன்

ஹா ஹா, அது எல்லாருக்கும் வாற வருத்தம். மனசில பிழையான சொல்லு நிக்குது, அதால சரியான சொல்லை வாய் குத்திக் காட்டுது. அழுத்தம் எண்டது சத்தம் மட்டும் இல்லை, சுருதி ஏறும், அசை நீளும், அதால லெவலைக் குறைச்சா அழுத்திச் சொன்னதை மெதுவாச் சொன்ன மாதிரித்தான் வரும். எந்த லெவல் மீற்றராலயும் இதைப் பிடிக்க ஏலாது.

ரெண்டு வேலை செய்யுங்கோ. அந்தப் பந்திக்கு முன்னால உள்ள ரெண்டு பக்கத்தை முதல் சும்மா வாசியுங்கோ, ஒரு பத்து நிமிசம், ரெக்கோர்ட் ஆகாட்டியும் பரவாயில்லை. அண்டைக்கு அந்த வசனத்துக்கு வரேக்க உங்கட குரல் சூடாகி இருந்திருக்கும், அந்த நிலைக்குத் திருப்பி வரவேணும். பிறகு ஹெட்போனை ஒரு காதில போட்டு, பழைய ரெக்கோர்டிங்ல முன்னுக்கு உள்ள ரெண்டு வசனத்தை ஓட விட்டு, அதோட சேந்து வாய்க்குள்ள வாசிச்சுக்கொண்டு வந்து, அது நிக்கிற இடத்தில நிக்காமல் அப்பிடியே தொடருங்கோ. அடுத்த ரெண்டு வசனத்தையும் சேத்து வாசியுங்கோ. அந்த வசனத்தின்ட சாரம் வருசம் இல்லை, கோட்டை கைமாறினதுதான் எண்டு நினைச்சு "கைப்பற்றினார்கள்" எண்டதுக்குப் போற மாதிரி வாசியுங்கோ. வருசம் வழியில வந்து போகட்டும்.

தூரத்துக்கு நாங்கள் அந்தக் காலத்தில நூல் கட்டுவம். மைக் ஸ்டாண்ட்ல நூலைக் கட்டி, வாசிக்கிறவரின்ட சொண்டு படுற இடத்தில ஒரு முடிச்சு. வாசிக்க முதல் முடிச்சைச் சொண்டில தொட்டுப் பாத்திட்டு நூலைத் தொங்க விட வேண்டியதுதான். சாண் நல்லதுதான், ஆனா கையை எடுத்தவுடன நாங்கள் சரிவம்.

பீட்பொக்ஸ்_மருதானை

ஒடாசிட்டில இதுக்கு பஞ்ச் அண்ட் ரோல் இரிக்கி, Shift+D. கேர்சர வெச்ச எடத்துக்கு முந்தி கொஞ்ச செக்கன் ப்ளே பண்ணிட்டு தானா ரெக்கோர்டுக்கு பாயும். ஆனா கேர்சருக்குப் பின்னுக்கு அந்த ட்ராக்ல இரிக்கிறதெல்லாம் போயிரும், அதனால கொப்பி ஒண்டுல செய்யுங்க.

நூல் மேட்டர் நல்லா இரிக்கி நானா, நான் சிங்கர்ஸுக்கு வெச்சுப் பாக்கணும்.

கொட்டாஞ்சேனை_ஜெரோம்

தாரணி, காலமை வாசிச்ச முதல் டேக்கை ஏன் விடுறீங்க? அதில அழுத்தம் இல்லை எண்டா சுருதியைக் கொஞ்சம் ஏத்தினாப் போதும்தானே. காலமைக் குரல் தாழ்வு. நான் அரைச் சுருதி வரைக்கும் ஏத்தி இறக்கிறனான், ஒருத்தரும் கண்டுபிடிச்சதில்லை.

வெள்ளவத்தை_தாரணி

ஏத்திப் பாத்தன் ஜெரோம் அண்ணா. பழசில அந்த இடத்தில என்ட குரல் 210 ஹேர்ட்ஸ் கிட்ட நிக்குது, காலமை டேக்கில 195. அது அரைச் சுருதிக்கும் கூட. அவ்வளவு ஏத்தினா என்ட தங்கச்சி வாசிக்கிற மாதிரி வருது, தொண்டை சின்னனான மாதிரி.

கொட்டாஞ்சேனை_ஜெரோம்

குரலின்ட நிறத்தைத் தாற ஃபோர்மன்டை அப்பிடியே வச்சிட்டு சுருதியை மட்டும் மாத்துற பிளகின் பாவியுங்கோ, அந்தச் சின்னக் குரல் வராது.

ஸ்பூல்காரன்

அதில நானும் ஜெரோமும் ஒருநாளும் ஒத்துப்போக மாட்டம். காலமைக் குரல்ல சுருதி மட்டும் இல்லை வித்தியாசம், காத்துக் கலந்திருக்கும், கரகரப்பு இருக்கும். சுருதியை ஏத்தினா கரகரப்பையும் சேத்து ஏத்துறீங்க. எனக்குக் கேக்கும். ஜெரோமின்ட காதுக்குக் கேக்காட்டி அது அவற்ற பாக்கியம்.

வெள்ளவத்தை_தாரணி

ரெண்டு பேரும் சண்டை பிடிக்காதேங்கோ. இண்டைக்கு நூல் கட்டி, பின்னேரம் ரெண்டு பக்கம் வாசிச்சிட்டு அஞ்சு டேக் எடுத்தன், நாலாவது டேக்கில வருசம் வழியில வந்து போன மாதிரியே வந்திட்டு. சுருதி 207. அடிச்சத்தம் 1.5 கூட இருந்ததை ஒரு சின்ன ஷெல்ஃப் போட்டுக் குறைச்சன், மருதானைக்காரருக்கும் ஒரு வெற்றி. "கோட்டையை" லெவல் அரை டெசிபலுக்குள்ள வந்திட்டு.

இப்ப எங்க வெட்டுறது எண்டு குழப்பம். "அறுநூற்று ஐம்பத்தாறாம்" எண்டது ஒண்டோட ஒண்டு இழுபட்டுக் கிடக்கு, நடுவில இடமே இல்லை. "ஆண்டு ஒல்லாந்தர்" அதுவும் அப்பிடித்தான். வசனத்தின்ட தொடக்கத்திலயே வெட்டி முழு வசனத்தையும் மாத்துவம் எண்டா, புது டேக் 0.3 செக்கன் நீளம், படத்தோட அடுத்த வெட்டில இடிக்குது.

ஸ்பூல்காரன்

தமிழில ஒட்டுறவைக்கு மொழியே வெட்டி வச்ச இடங்கள் இருக்கு தங்கச்சி. இரட்டிச்ச வல்லினம். க்க, த்த, ப்ப, ட்ட. இந்த இடங்களில வாய் மூடி, கிட்டத்தட்ட பத்தில ஒரு செக்கன் அளவுக்கு ஒண்டும் வராது, பிறகுதான் வெடிக்கும். அலைவடிவத்தைப் பெருப்பிச்சுப் பாருங்கோ, குட்டிப் பள்ளத்தாக்கு மாதிரித் தெரியும். உங்கட பேச்சு வழக்கில ற்றவும் அப்பிடித்தான், நாக்கு நுனி மேல முட்டி நிக்கும். ஊரில படிச்ச ஆக்கள் "நூற்று" எண்டதை நல்லா முட்டித்தான் சொல்லுவினம்.

அதால உள்ளுக்குப் போற வெட்டு "அறுநூற்|று" எண்ட இடத்தில. வெளியில வாற வெட்டு "கோட்டையைக்| கைப்பற்றினார்கள்" எண்ட க்கவில. நடுவில உள்ளது புதுசு, முன்னும் பின்னும் பழசு. உயிரெழுத்திலயும் ம், ன், ல், ர் மாதிரி இழுபடுற எழுத்திலயும் வெட்ட வேண்டாம், அங்க ரெண்டு டேக்கின்ட சுருதியும் ஒண்டுக்கு மேல ஒண்டு விழுந்து ஒரு கணம் ரெண்டு பேர் கதைக்கிற மாதிரிக் கேக்கும்.

வெட்டுறதைப் பள்ளத்தின்ட நடுவில வெட்டாதேங்கோ, வெடிப்புக்குக் கொஞ்சம் முன்னால வெட்டுங்கோ. பழைய உயிரெழுத்தின்ட எதிரொலி அந்தப் பள்ளத்துக்குள்ள மெல்லச் செத்துக்கொண்டு கிடக்கும், அது பழைய பக்கத்துச் சொத்து, முழுசாச் சாகட்டும். க்ரொஸ்ஃபேட் 5 மில்லிசெக்கன் போதும். நீட்டினா வெடிப்பு மழுங்கும்.

பீட்பொக்ஸ்_மருதானை

க்ரொஸ்ஃபேட் எப்பவும் நீளமா வெச்சாத்தான் ஸ்மூத்தா வரும்ண்டு நெனச்சேன் நானா. நான் 50 மில்லிசெக்கன் வெப்பன்.

ஸ்பூல்காரன்

மௌனத்தில ஒட்டுறதுக்கு 50 நல்லம், வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவில ரூம் டோனை ரூம் டோனோட கலக்கேக்க. அங்க ஈக்குவல் பவர் வளைவு எடுங்கோ, ரெண்டு நாள் இரைச்சலும் ஒண்டோட ஒண்டு தொடர்பில்லாதது, நேர்கோட்டு ஃபேட் போட்டா நடுவில ஒரு குழி விழும். சொல்லுக்குள்ள ஒட்டேக்க இடமே பத்தில ஒரு செக்கன்தான், அதுக்குள்ள 50ஐ எங்க வைக்கிறது?

வெள்ளவத்தை_தாரணி

அண்ணை, ற்றவும் க்கவும் ரெண்டும் வேலை செய்யுது! "அறுநூற்" வரைக்கும் மூண்டு கிழமைக்கு முந்தின நான், "று ஐம்பத்தாறாம்" எண்டதில இருந்து நேற்றைய நான். அந்த 0.3 செக்கன் பிரச்சினையும் பாதிக்கு மேல போயிட்டு, நீளமாப் போனது கூடுதலாக் "கைப்பற்றினார்கள்" எண்டதிலதான், அது இப்ப பழசு. மிச்சம் 0.1ஐ அடுத்த வசனத்துக்கு முன்னால உள்ள மௌனத்தில இருந்து எடுத்தன், மூச்சில கை வைக்கேல்ல.

ரூம் டோன் ஒரு சங்கடம். அண்டைக்கு மழை இல்லை, நேற்று நல்ல மழை. யன்னல் பூட்டி, மெத்தையை யன்னலோட சாத்தி வச்சும் மெல்லிய சோ எண்ட சத்தம் புது வரியில இருக்கு. பழைய ரூம் டோனைக் கீழ போட்டா பள்ளம் நிரம்புது ஆனா மழை போகாதுதானே.

ஸ்பூல்காரன்

போகாது. கூட்டத்தான் ஏலும், கழிக்க ஏலாது. புது வரியின்ட பின்னணிச் சத்தம் பழசை விடக் குறைவா இருந்தாத்தான் ரூம் டோன் போடுறது உதவும். கூட எண்டா மழை விட்ட பிறகு திருப்பி வாசிக்கிறது ஒரு வழி. இல்லாட்டி அந்த வரிக்கு மட்டும் மழைச் சத்தத்தில புரொஃபைல் எடுத்து மெல்லிசா, ஒரு 4, 5 டெசிபல் மட்டும் நொய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு, பழைய அளவுக்குக் கொஞ்சம் கீழ இறக்கி, அதுக்கு மேல பழைய ரூம் டோனைப் பரப்புங்கோ. பரப்பேக்க ஒட்டின வரிக்கு மட்டும் போட்டா அதின்ட ரெண்டு விளிம்பும் கேக்கும், முன்பின் ஒரு செக்கன் தள்ளித் தொடங்கி மெல்ல ஏத்தி மெல்ல இறக்குங்கோ.

சோதிக்கிற விதம் ஒண்டு. சத்தத்தை நல்லாக் குறைச்சு, பக்கத்து அறையில ரேடியோ கேக்கிற அளவுக்கு வச்சு, ஒட்டுக்கு 20 செக்கன் முன்னால இருந்து ஓட விடுங்கோ. திரையைப் பாக்காதேங்கோ, பாத்தா வெட்டுக்கோடு வாறது கண்ணுக்குத் தெரியும், காது அங்க போய்க் காத்துக்கொண்டு நிக்கும். சத்தம் குறைவா இருக்கேக்க லெவல் குதிக்கிறதுதான் முதல் தெரியும். பிறகு ஹெட்போன்ல சத்தமாக் கேளுங்கோ, அப்ப மழையும் வாலும் தெரியும். ரெண்டும் வேற வேற பரீட்சை.

மிஸ்_மலர்

எனக்கும் ஒரு அப் கெடச்சிருச்சு, அதுல அந்தத் தானா ஏத்துறத நிப்பாட்ட முடியுது. ஆனா சூன் பாண் ஓட்டோவுக்கு ஒரு அப்பும் இல்ல.

வெள்ளவத்தை_தாரணி

மலர் மிஸ், அவர் எங்கட லேனுக்கு நாலே முக்காலுக்கு வாறவர், நான் அஞ்சுக்குத்தான் தொடங்கிறது.

அப்டேட்: மழை விட்ட நேரம் பாத்து ஒருக்கா வாசிச்சன், ஆனா அந்த நாலாவது டேக்கின்ட மெட்டு திருப்பி வரேல்ல. அதால மழை டேக்கையே வச்சு 4 டெசிபல் நொய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு ரூம் டோன் பரப்பினன். ரோவில ஒட்டி முழுப் பந்தியையும் செயினுக்குள்ளால விட்டன். சத்தம் குறைச்சுக் கேட்டா ஒண்டும் தெரியேல்ல. ஹெட்போன்ல "ஆண்டு" எண்டதின்ட முடிவில எனக்கு இன்னும் ஒரு துளி மழை கேக்குது. அனுப்பிட்டன்.

கொட்டாஞ்சேனை_ஜெரோம்

என்ன சொல்லிச்சினம்?

வெள்ளவத்தை_தாரணி

வருசம் ஓகேயாம். இப்ப "ஒல்லாந்தர்" எண்டா இளம் ஆக்களுக்கு விளங்காது, "டச்சுக்காரர்" எண்டு மாத்தித் தாங்கோ எண்டு கேக்கீனம். பதினொரு இடம்.

ஸ்பூல்காரன்

"டச்சு" எண்டதில ச்ச இருக்கு, பயப்பிடாதேங்கோ. ஆனா அது வெடிச்சு உரசுற எழுத்து, வெட்டினா அந்த உரசல்ல தெரியும், அதால முன்னால உள்ள சொல்லிலயே இடம் தேடுங்கோ. பதினொண்டும் எங்கெங்க வருதெண்டு ஸ்கிரிப்ட்ல கோடு போட்டுப் பாருங்கோ, ஒரே பந்தியில மூண்டு நாலு வந்தா அந்தப் பந்தியை ஜெரோம் சொன்ன மாதிரி முழுசா வாசிக்கிறதுதான் லேசு. காசும் திருப்பிக் கதையுங்கோ, இது உங்கட பிழை இல்லை.

வெள்ளவத்தை_தாரணி

கோடு போட்டாச்சு. ஆறு இடம் ரெண்டே பந்தியில. நூல் இன்னும் ஸ்டாண்ட்ல தொங்குது.